இரவு பதினொரு மணிக்கு யாரிடம் போய்க் கேட்பது?

(பலெர்மோவில் நடந்த எமது மாதாந்தச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.)



கூலி பற்றி இங்கே நிறையக் கதைத்திருக்கிறோம். வாடகை பற்றி, விசா பற்றி, வேலைநேரம் பற்றியெல்லாம் கதைத்திருக்கிறோம். நித்திரை பற்றி ஒருதரும் கதைத்ததில்லை. இன்றைக்கு நான் அதைத்தான் எடுக்கப் போகிறேன். இது உடல்நலக் குறிப்பு இல்லை. பல்லாரோச் சந்தையைச் சுற்றி அல்பெர்கெரியாவில் இருக்கிற எங்கட குடும்பங்களில் பாதிப்பேர் விடிய ஐந்து மணிக்கு எழும்புகிறவர்கள். ஆரோ ஒரு வயோதிபரைக் குளிப்பாட்ட வேண்டும், ஆரோ ஒரு அலுவலகத்தை ஆட்கள் வர முதல் கூட்டித் துடைக்க வேண்டும். அந்த வீட்டு யன்னலுக்குக் கீழே இரவு ஒரு மணிக்கு ஸ்பீக்கர் அலறுது. அடுத்த நாள் வேலையில் ஏற்படுகிற பிழைக்கு எவரும் ஸ்பீக்கரிடம் சம்பளம் வெட்டுவதில்லை.

முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் "இரவுச் சத்தம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வருகிற எல்லோரும் எங்கட நண்பர்கள் இல்லை. பழைய நகரத்தை வழித்துத் துடைத்து உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விட விரும்புகிறவர்களும் அதே சொல்லைத்தான் பாவிக்கிறார்கள். அவர்களுக்குத் தெருவில் கதிரை போட்டு இருக்கிற கிழவியும் சத்தம்தான், நாங்களும் சத்தம்தான். ஆனபடியால் எங்களுக்கு நித்திரை வேண்டும், அதற்காக மற்ற ஏழைகள் மேல் பொலிஸை ஏவிவிடவும் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதுதான் என்னுடைய கேள்வி.

சத்தம் எல்லாம் ஒன்று என்று நினைத்தால் ஒன்றும் செய்ய முடியாது. எங்கட தெருவில் மூன்று வகை வருகிறது. ஒன்று, கலியாணத்துக்கு முதல் வருகிற செரெனாத்தா. இரண்டாவது, கீழே இருக்கிற குடிக்கடை வாரத்துக்கு நாலு இரவு போடுகிற பாட்டு. மூன்றாவது வெடி. மூன்றுக்கும் கேட்கிற விதம் வேறு, கேட்கிற ஆள் வேறு, சட்டமும் வேறு.

செரெனாத்தாவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பலெர்மோவின் தொழிலாளர் பகுதிகளில் கலியாணத்துக்குச் சில நாள் முதல் மாப்பிள்ளை ஒரு பாட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு பெண்ணின்ர பால்கனிக்குக் கீழே வருவார். நேப்பிள்ஸ் பக்கத்து நெயோமெலோதிக்கோப் பாட்டுகள்தான் பெரும்பாலும். பெரிய ஸ்பீக்கர், விளக்கு, தெருவில் மேசை போட்டுச் சாப்பாடு, கடைசியில் வெடி. முழுத் தெருவும் பால்கனியில் நிற்கும். எங்கட ஊரில் கலியாண வீட்டுக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரை நினைத்துக்கொள்ளுங்கோ, அதே சங்கதி. மண்டபம் எடுக்கக் காசில்லாத சனத்துக்குத் தெருதான் மண்டபம். எனக்கு அந்தப் பாட்டுகள் பிடிக்காது, ஆனால் அந்தப் பெண்ணின்ர முகத்தைப் பார்த்தவர்கள் அதை வெறும் தொல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

செரெனாத்தா ஒரே இரவு. அதுவும் பெரும்பாலும் இரண்டு மணித்தியாலம். இதை நிற்பாட்டப் போனால் அந்தத் தெருவில் பத்து வருசத்துக்கு உங்களுக்கு முகம் கிடையாது. ஆகவே கேட்க வேண்டியது நேரத்தை மட்டும்தான். தெருவில் மேசை இறங்கத் தொடங்குகிற பின்னேரமே கீழே போக வேண்டும். முதல் சொல் "ஔகூரி", வாழ்த்து. பிறகுதான் மற்றது: "ஸிஞ்ஞோரா, தொமானி மி அல்த்சோ அல்லெ சிங்க்வே", நாளைக்கு நான் ஐந்து மணிக்கு எழும்ப வேணும். "எத்தனை மணிக்கு முடியும்?" இவ்வளவும் போதும். முறைப்பாடாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேட்டால் அவர்களே ஒரு நேரத்தைச் சொல்லுவார்கள். தாங்களே சொன்ன நேரத்தைத் தாண்டும்போது அவர்களுக்கே கூச்சம் வரும். நேரம் தெரிந்தால் பிள்ளையை எப்போது படுக்க வைக்கலாம், வயோதிபரை எந்த அறைக்கு மாற்றலாம் என்று நாங்கள் முடிவெடுக்கலாம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, நாலு கிளாஸ் உள்ளே போன பிறகு, மாப்பிள்ளையின்ர நண்பர்களிடம் போய்க் கேட்கிறது வேலைக்கு உதவாது. கேட்க வேண்டியது அந்த வீட்டின் மூத்த பெண்ணிடம்.

இனிக் குடிக்கடை. இதில் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன், ஏனெண்டால் ஆட்களை நோயாளியாக்குகிறது இதுதான்.

நாங்கள் இருக்கிற சந்தின் அகலம் நாலு மீற்றர் வராது. இரண்டு பக்கமும் நாலு மாடிக் கல் சுவர். வெளியில், வெட்டவெளியில் ஒரு ஸ்பீக்கரிலிருந்து தூரம் இரட்டிப்பானால் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். எங்கட சந்தில் அப்படிக் குறையாது. சுவர் சுவராக அடிபட்டு மேலே ஏறும். மூன்றாம் மாடிக்காரருக்கும் முதலாம் மாடிக்காரருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அதைவிட முக்கியம் அடிச்சத்தம், அந்த "டும் டும்". பாட்டுக்காரரின் குரலை ஒரு நல்ல யன்னல் தடுக்கும். அடிச்சத்தத்தை யன்னலும் தடுக்காது, சுவரும் முழுக்கத் தடுக்காது. நீங்கள் கட்டிலில் படுத்திருக்கும்போது பாட்டின் சொல் விளங்காமல் நெஞ்சுக்குள் மட்டும் இடிக்கிறதென்றால், வருகிறது அதுதான்.

இது தெரிந்தால் கடைக்காரரிடம் என்ன கேட்கிறது என்பதும் தெரியும். "சத்தத்தைக் குறை" என்றால் அவர் ஒரு புள்ளி குறைப்பார், பத்து நிமிசத்தில் ஆரோ திரும்பக் கூட்டுவார்கள். கேட்க வேண்டியது மூன்று காரியம். அடிச்சத்தப் பெட்டியை, சப்வூஃபரை, சுவர் மூலையிலிருந்து எடுத்துத் தள்ளி வைக்கச் சொல்லுங்கோ. மூலையில் இருந்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அதைப் பெருப்பிக்கும். அதுக்குக் கீழே தடித்த ரப்பரோ பஞ்சு மெத்தைத் துண்டோ வைக்கச் சொல்லுங்கோ, கட்டடத்துக்குள் அதிர்வு இறங்குவது குறையும். வாசலைப் பார்த்திருக்கிற ஸ்பீக்கரை உள்ளுக்குத் திருப்பச் சொல்லுங்கோ. இந்த மூன்றுக்கும் அவருக்கு ஒரு சதமும் செலவில்லை, வாடிக்கையாளரும் குறையமாட்டார்கள். ஆனபடியால் மறுக்கிறது அவருக்குக் கஷ்டம்.

எங்கட சந்தில் நடந்ததைச் சொல்கிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. போன வருசம் வசந்தகாலத்தில் ஒரு புதுக் கடை திறந்தது. வியாழன் தொடங்கி ஞாயிறு வரைக்கும் இரவு இரண்டு மணி மட்டும் பாட்டு. எங்கட அம்மா வெள்ளியும் சனியும் விடிய வேலை. நாங்கள் முதல் செய்தது ஒரு கொப்பி வாங்கினது. திகதி, தொடங்கின நேரம், முடிந்த நேரம், எந்த அறையில் கேட்டது, யன்னல் திறந்தா பூட்டியா, யார் எழும்பினது. அவ்வளவுதான். "தாங்க முடியேல்லை" என்று எழுதவில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு பார்த்தால் ஒரு விசயம் தெரிந்தது. பன்னிரண்டு இரவில் ஒன்பது இரவு, பாட்டு கூடுகிறது பதினொன்றரைக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில். கடைக்காரர் வீட்டுக்குப் போய், வேலைக்கு நிற்கிற பெடியனிடம் கடையை விட்ட பிறகு. பெடியன்தான் கூட்டுகிறான். இது கொப்பி இல்லாமல் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

கைத்தொலைபேசியில் டெசிபெல் காட்டுகிற செயலிகள் இருக்கு. பாவியுங்கோ, ஆனால் அதைச் சான்று என்று கொண்டு போகாதேங்கோ. அந்த மைக் குரலுக்காகச் செய்தது, அடிச்சத்தத்தைச் சரியாக எடுக்காது. ஒரு இரவுக்கும் இன்னொரு இரவுக்கும் வித்தியாசம் பார்க்க உதவும், அவ்வளவுதான்.

பிறகு நானும் மேல்மாடி ஸிஞ்ஞோராவும் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் போனோம். கடை வெறுமையாக இருந்தது. கோப்பி வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கதை தொடங்கினோம். ஸிஞ்ஞோரா அந்தச் சந்தில் பிறந்தவர், எழுபது தாண்டியவர். அவர் கதைக்க நான் பக்கத்தில் நின்றேன். சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஏன் ஒரு தமிழ்ப் பிள்ளைக்குச் சிசிலிக்காரியின்ர துணை வேணும் என்று. வேணும்தான். தனியாகப் போனால் அது "வெளிநாட்டுக்காரி வந்து எங்களுக்குச் சட்டம் சொல்லுறாள்" ஆகிவிடும். இரண்டு பேராகப் போனால் "சந்துச் சனம்" ஆகிவிடும். கொப்பியைக் காட்டவில்லை. பெடியனைப் பற்றியும் சொல்லவில்லை, அவனும் கூலிக்காரன்தானே. "பன்னிரண்டுக்குப் பிறகு யாரிடம் சொல்லலாம்?" என்று மட்டும் கேட்டோம். கடைக்காரர் தன் தொலைபேசி இலக்கத்தைத் தந்தார். ஸ்பீக்கரை அன்றைக்கே திருப்பினார். சப்வூஃபர் மட்டும் மூலையிலேயே இருந்தது.

ஒரு மாதம் நல்லாய்ப் போனது. ஜூன் வந்தது, வெக்கை வந்தது, யன்னல்கள் திறந்தன, பாட்டும் திரும்ப ஏறியது. தொலைபேசிக்குப் பதில் இல்லை. அப்போதுதான் எழுத்துக்குப் போனோம்.

இங்கே இத்தாலியச் சட்டத்தைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். சொற்கள் மூன்றும் குழம்பும். எஸ்போஸ்தோ என்பது அதிகாரிகளுக்கு "இப்படி நடக்குது, பாருங்கோ" என்று எழுதிக் கொடுக்கிற கடிதம். குவெரேலா என்பது "இந்த ஆளைத் தண்டியுங்கோ" என்று பாதிக்கப்பட்டவர் பொலிஸில் கொடுக்கிற முறைப்பாடு. சிவில் வழக்கு மூன்றாவது. நாங்கள் போனது எஸ்போஸ்தோவுக்கு. காரணம் சொல்கிறேன்.

1995ஆம் ஆண்டின் 447ஆம் இலக்கச் சட்டம் ஒலி மாசு பற்றியது. அதன்கீழ் 1997 நவம்பர் 14இல் ஒரு ஆணை வந்தது. இரவு என்றால் பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. அந்த நேரத்தில் உங்கட படுக்கையறைக்குள், கடை பாட்டோடு இருக்கும்போது ஒரு அளவு, பாட்டு இல்லாமல் இருக்கும்போது ஒரு அளவு எடுப்பார்கள். இரண்டுக்கும் இடையில் 3 டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. உதாரணத்துக்கு, பாட்டு இல்லாமல் 34, பாட்டோடு 46 என்றால் வித்தியாசம் 12. அது தெளிவான மீறல். யன்னல் திறந்திருக்கும்போதே 40க்குக் கீழே என்றால் பொருட்படுத்தத் தேவையில்லாத சத்தம் என்று எடுத்துக்கொள்வார்கள். அளக்கிறது ஆர்பா என்கிற பிராந்தியச் சூழல் நிறுவனத்தின்ர தொழில்நுட்பர்கள், அல்லது நகரசபை அனுப்புகிற தகுதியுள்ளவர்கள். அவர்கள் உங்கட அறைக்குள் வர வேண்டும். இது முக்கியம். ஆவணமில்லாத ஒருவர் தங்கியிருக்கிற வீடு என்றால் அளக்கிற இடமாக அந்த வீட்டைக் கொடுக்காதேங்கோ, இன்னொரு வீட்டைக் கொடுங்கோ. எங்கட கடிதத்தில் ஸிஞ்ஞோராவின்ர அறையைத்தான் எழுதினோம்.

இந்த 3 டெசிபெல் விதி கடைக்குப் பொருந்தும். தனியாள் வீட்டுக் கொண்டாட்டத்துக்குப் பொருந்தாது. உற்பத்தி, வணிகம், தொழில் சம்பந்தமில்லாத நடத்தையை அந்த ஆணையே விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் பிறந்தநாள் பாட்டுக்கு ஆர்பாவிடம் போய்ப் பிரயோசனமில்லை. அங்கே சிவில் சட்டக்கோவையின் 844ஆம் பிரிவு இருக்கிறது. "சாதாரணமாகத் தாங்கக்கூடிய அளவு" என்று அது சொல்கிறது. குற்றவியல் கோவையின் 659ஆம் பிரிவும் இருக்கிறது. அது ஓய்வைக் கெடுப்பதைக் குற்றமாக்குகிறது, ஆனால் ஒரு வீட்டுக்கு மட்டும் கேட்கிற சத்தத்துக்கு அது போதாது. பலரைக் குழப்பக்கூடியதாக இருக்க வேண்டும். 2022இன் சீர்திருத்தத்துக்குப் பிறகு தனியாள் விசயத்தில் குவெரேலா கொடுத்தால்தான் வழக்கு நகரும், அதுக்கு மூன்று மாதக் கெடு. பொதுக் கேளிக்கை, ஒன்றுகூடும் இடம் என்றால் குவெரேலா தேவையில்லை.

இந்தப் "பலர்" என்கிற சொல்லில்தான் எங்களுக்கு வழி இருக்கிறது. சட்டமே சொல்லுது, தனிய வராதே, சந்தோடு வா என்று. நாங்கள் பதினொரு வீட்டில் கையெழுத்து வாங்கினோம். எங்கட மூன்று குடும்பம், பங்களாதேஷ்காரர் இரண்டு வீடு, கானாக்காரர் ஒரு வீடு, மற்றது சிசிலிக்காரர். பங்களாதேஷ்காரரில் ஒருத்தர் இரவில் பேக்கரி வேலை, பகலில்தான் படுப்பார். "எனக்குப் பாட்டு பிரச்சினை இல்லை, உங்களுக்காகப் போடுறன்" என்று போட்டார். ஒரு தமிழ் வீடு போடவில்லை. அவர்களுக்கு வாடகை ஒப்பந்தம் கிடையாது, வீட்டுக்காரர் கடைக்காரருக்குச் சொந்தம். வற்புறுத்தவில்லை. ஒப்பந்தமில்லாமல் வாடகைக்கு இருக்கிறவர்கள், விசா புதுப்பிக்கக் காத்திருக்கிறவர்கள் கையெழுத்துப் போடாமலே கொப்பி எழுதலாம். கொப்பியில் பெயர் வேண்டாம், மாடி இலக்கம் போதும். வாடகைப் பயம் இருந்தால் முதலில் சுனியா போன்ற வாடகைக்காரர் சங்கத்தில் கேட்டுவிட்டு வாங்கோ.

கடிதம் ஒன்றரைப் பக்கம். மேலே இடம், கடை இருக்கிற தெரு. பிறகு கொப்பியிலிருந்து ஆறு இரவுகள், திகதியும் நேரமும். பிறகு, நாங்கள் எந்தத் திகதியில் கடைக்காரரோடு நேரில் கதைத்தோம், அவர் என்ன ஒப்புக்கொண்டார். அதுக்குப் பிறகுதான் வேண்டுகோள்: அளவெடுங்கள். கடையைப் பூட்டுங்கள் என்று எழுதவில்லை. பிரதி நகரசபைக்கு ஒன்று, நகரப் பொலிஸுக்கு ஒன்று, பதிவு இலக்கம் எடுத்து வைத்துக்கொண்டோம். அந்த இலக்கம் இல்லாவிட்டால் கடிதம் கொடுக்கவே இல்லை என்றாகிவிடும். கடிதத்தின் ஒரு பிரதியைக் கடைக்காரரிடமும் கையில் கொடுத்தோம். முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக் கூடாது. அவருக்குக் கோபம்தான். ஆனால் சப்வூஃபர் அந்தக் கிழமையே மூலையிலிருந்து நகர்ந்தது. வார நாட்களில் பன்னிரண்டரைக்குப் பிறகு அதை நிற்பாட்டுகிறார். சனிக்கிழமை பழையபடிதான். அளவெடுக்க இன்னும் ஒருத்தரும் வரவில்லை. இதை வெற்றி என்று நான் சொல்லப் போவதில்லை. அம்மாவுக்கு இப்போது கிழமையில் மூன்று இரவு நித்திரை கிடைக்குது.

இன்னும் பெரிசாய் யோசிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். பிரெஷா நகரத்தில் இரவுத் தெருச் சத்தத்தால் பாதிக்கப்பட்ட குடியிருப்பாளர் கடைக்காரரை விட்டுவிட்டு நகரசபை மேலேயே வழக்குப் போட்டார்கள். 2023 மே மாதம் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் 14209ஆம் இலக்கத் தீர்ப்பில், பொதுத் தெருவில் வருகிற சத்தத்தைத் தாங்கக்கூடிய அளவுக்குள் வைத்திருப்பது நிர்வாகத்தின்ர பொறுப்பு, தவறினால் நட்டஈடு கேட்கலாம் என்றது. இது எங்களுக்கு ஏன் முக்கியம்? சண்டை பெடியனோடும் இல்லை, செரெனாத்தா வீட்டோடும் இல்லை. கடைகளுக்கு அனுமதியை அள்ளிக் கொடுத்துவிட்டு இரவில் காணாமல் போகிற நிர்வாகத்தோடு.

பத்து முதல் ஆறு என்கிற கணக்கு இத்தாலிக்கு மட்டும் உரியது இல்லை. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி விதிகளில் ஒலிபெருக்கிக்கு அதே நேரம்தான் தடை. இலங்கையில் 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று நாடு முழுவதுக்கும் சொன்னது. அந்த வழக்கு எங்கே தொடங்கினது தெரியுமா? வெலிகமவில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி அனுமதியில். எழுத்தில் விதி எல்லோருக்கும் ஒன்று. அதைத் தூக்கிக்கொண்டு வருகிற கை யாருடைய வாசலில் முதலில் தட்டுது என்று பார்க்கிற பழக்கம் எங்களுக்கு இருக்க வேண்டும். இங்கே அது பங்களாதேஷ்காரரின் கடையாகவும் இருக்கலாம், எங்கட கோயிலாகவும் இருக்கலாம்.

கோயில் என்று சொன்னதால் எங்கட கணக்கையும் பார்ப்போம். சாமத்திய வீடு, பிறந்தநாள், டிஜே, எங்கட சப்வூஃபர் என்ன சின்னதா? போன ஐப்பசியில் மச்சாளின்ர சாமத்திய வீட்டுக்கு மண்டபம் எடுத்தபோது, மூன்று நாள் முதல் சுற்றியிருக்கிற வாசல்களில் இத்தாலிய மொழியில் ஒரு துண்டு ஒட்டினோம். என்ன கொண்டாட்டம், எத்தனை மணிக்கு முடியும், அன்றைக்கு இரவு தொலைபேசி எடுக்கிறவர் யார். தொலைபேசி எடுக்கிறவருக்குக் குடியும் இல்லை, ஆட்டமும் இல்லை, அதுதான் நிபந்தனை. என்னைத்தான் போட்டார்கள். பத்தரைக்கு ஒரு அழைப்பு வந்தது. சின்னப் பிள்ளை இருக்குது, அடிச்சத்தம் மட்டும் குறைக்க முடியுமா என்று. குறைத்தோம். ஆடுகிற ஒருத்தருக்கும் அது தெரியவில்லை.

இனி வீட்டுக்குள் என்ன செய்யலாம். இரட்டைக் கண்ணாடி யன்னல் போடுங்கோ என்று சொல்ல நான் வரவில்லை, வாடகை வீட்டில் ஆர் போடுவது. பழைய மர யன்னலில் சத்தம் வருகிறது கண்ணாடியால் இல்லை, இடைவெளியால். கையை நனைத்து ஓரத்தில் பிடித்துப் பார்த்தால் காற்று வருகிற இடம் தெரியும், அதே வழியால்தான் சத்தமும் வருகிறது. சில யூரோவுக்கு ஒட்டுகிற ரப்பர் நாடா விற்குது. சுருள் கதவு இருந்தால் அதுக்கு மேலே இருக்கிற பெட்டி வெறும் பலகை, அதுதான் பெரிய ஓட்டை. அதுக்குள் பஞ்சுப் பலகை வைத்து அடைக்கலாம். கோடையில் பூட்டினால் வெக்கை, திறந்தால் சத்தம். அந்த இரவுகளில் தெருப் பக்கத்து அறையை விட்டு முற்றப் பக்கத்து அறையில் எல்லோரும் படுக்கிறதுதான் நாங்கள் செய்வது. மின்விசிறியின் ஒரே சீரான இரைச்சல் குரல்களை மூடும், அடிச்சத்தத்தை மூடாது.

காதடைப்பான் பாவிக்கிறவர்களில் முக்கால்வாசிப்பேர் அதைக் காதின் வாசலில் குத்தி வைத்துவிட்டு வேலை செய்யேல்லை என்கிறார்கள். பஞ்சு அடைப்பானை விரலால் மெல்லிய குச்சி மாதிரி உருட்ட வேண்டும். மற்றக் கையைத் தலைக்கு மேலால் கொண்டுவந்து காதை மேலுக்கும் பின்னுக்கும் இழுத்து, உள்ளே வைத்து, அது விரியும் மட்டும் அரை நிமிசம் விரலால் பிடிக்க வேண்டும். உங்கட குரலே உங்களுக்குத் தலைக்குள் கேட்டால் சரியாக இருக்குது. அலாரம் கேட்காது என்ற பயம் எல்லோருக்கும் வரும், தொலைபேசியை அதிர்வில் தலையணைக்குக் கீழே வையுங்கோ. காதில் சீழ், நோ இருந்தால் வேண்டாம். கைக்குழந்தைக்கு வைக்கவே கூடாது. குழந்தை இருக்கிற வீட்டில் பெரியவர் இருவரும் ஒரே இரவில் வைக்காமல் முறை மாறி வையுங்கோ.

கடைசியாக வெடி. தெரிந்த வெடி, தெரியாத வெடி என்று இரண்டு இருக்கு. ஜூலை 14 இரவு சாந்தா ரொஸாலியாவின் பெருவிழா. எங்கட ஆக்கள், கத்தோலிக்கரும் சைவரும், அந்தப் புனிதைக்காகப் பெல்லெக்ரினோ மலை ஏறுகிறவர்கள். அவருடைய விழாவை வேண்டாம் என்று சொல்ல வீட்டில் ஒருத்தரும் இல்லை. நள்ளிரவை ஒட்டிக் கடற்கரையில், ஃபோரோ இத்தாலிக்கோவில், வெடி. திகதி தெரியும், இடம் தெரியும். தெரியாதது, ஆரோ பிறந்தநாளுக்குச் சந்துக்குள் வைத்துக் கொளுத்துகிற பெட்டி வெடி. குடியிருப்புக்குள் அப்படிக் கொளுத்த அனுமதி வேண்டும், பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவு. தெருவில் கொளுத்தும்போது ஆபத்து இருந்தால், பால்கனியில் தீப்பிடித்தால், 112க்கு அடிக்கத் தயங்காதேங்கோ. அது முறைப்பாடு இல்லை, அவசர உதவி.

எங்கட வீட்டில் அம்மம்மா இருக்கிறா. 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவ. சந்துக்குள் வெடி விழுந்தால் ஒன்றும் கதைக்காமல் எழும்பி, யன்னல் இல்லாத நடைபாதையில் போய்ச் சுவரோடு இருந்துவிடுவா. அவவுக்குக் காதடைப்பான் கொடுத்தோம், எறிந்துவிட்டா. அது சரிதான். சத்தம் கேட்காவிட்டால் எந்தப் பக்கம் விழுகுது என்று தெரியாதே, அது இன்னும் பயம். பூட்டி இருட்டாக்கினாலும் கூடாது.

பலித்தது இதுதான். சுருள் கதவைப் பூட்டாமல் திறந்து விட்டோம். முதலில் நிறம் தெரிய வேண்டும். ஒலி ஒரு கிலோமீற்றர் வர ஏறத்தாழ மூன்று செக்கன் எடுக்கும். எங்கட வீட்டுக்கும் கடற்கரைக்கும் அவ்வளவு தூரம்தான். வானம் சிவக்கும், "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று நான் எண்ணுவேன், பிறகு இடி வரும். சிவப்பும் பச்சையுமாக வருகிறது ஷெல் இல்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது. எண்ணிக்கை அவவின்ர கையில் இருக்கிறது. போன ஜூலை அவவே எண்ணினா, நடைபாதைக்குப் போகவில்லை. சந்து வெடிக்கு இது சரிவராது, ஒளியும் ஒலியும் ஒன்றாக வரும். அதுக்கு ஒரே வழி முன்கூட்டித் தெரிவதுதான். ஸிஞ்ஞோராவிடம் சொல்லி வைத்திருக்கிறோம். சந்தில் ஆர் வெடி வாங்கினாலும் அவவுக்குத் தெரிந்துவிடும், எங்களுக்குத் தொலைபேசி வரும். இரண்டு வீட்டுப் பெடியள் இப்போது தாங்களாகவே வந்து "நோன்னா, இண்டைக்கு இரவு பத்தரைக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஏன் என்று அவர்களுக்கு அம்மம்மாவே சொன்னா, அவவின்ர அரைகுறை இத்தாலியனில். நான் மொழிபெயர்க்கப் போனேன், வேண்டாம் என்றா.

எஸ்போஸ்தோ கடிதத்தின் மாதிரியையும் வாசலில் ஒட்டுகிற துண்டையும் இரண்டு மொழியிலும் அச்சடித்துக் கொண்டு வந்திருக்கிறேன், மேசையில் இருக்கு. கொப்பி தொடங்க விரும்புகிறவர்கள் தெருப் பெயரை மட்டும் என்னிடம் சொல்லுங்கோ, அதே தெருவில் வேற ஆரும் எழுதுகினமா என்று பார்த்துச் சொல்கிறேன்.